ஆண்டு ரேட்டிங் குறைவாக வந்தால் மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்துக்கு அலுவலகம் படிவம் மாறும், விதி மாறும். பொதுவாகப் பேசினால் எதுவும் கையில் நிற்காது என்பதால் ஒரே ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பாஸ் செய்யும் ஊழியர் ஒருவர். ஐந்துக்கு 2 ரேட்டிங் வந்திருக்கிறது. மேலாளர் எழுதிய குறிப்பு: “பில்கள் பாஸ் ஆவதில் தாமதம். சப்ளையர்களிடமிருந்து புகார்கள். முன்முயற்சி போதாது.” கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை. வேலை வேறாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

ரேட்டிங்கைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிகிறது. இன்றைக்கே எழுதி அனுப்பிவிடட்டுமா?

எழுதுங்கள், அனுப்பாதீர்கள். அன்று எழுதியதில் கோபம் முக்கால் பங்கும் விஷயம் கால் பங்கும் இருக்கும். அந்தக் கால் பங்கு பின்னால் உதவும்.

அன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. மனிதவளப் பிரிவின் விதிகளில் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள், யாருக்கு எழுத வேண்டும் என்று பாருங்கள். நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். ரேட்டிங் கணினியில் ஏறிய தேதியா, மேலாளர் உங்களிடம் சொன்ன தேதியா, நீங்கள் கையெழுத்திட்ட தேதியா? இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு வாரம் ஓடியிருக்கலாம். ஆதாரம் சேகரிக்க நாள் போதாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்குள் இரண்டு வரி மெயில் ஒன்று போட்டுவிடுங்கள்: “இந்த மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன். விவரமான கடிதத்தை இந்தத் தேதிக்குள் சமர்ப்பிக்க அனுமதி வேண்டுகிறேன்.” கெடு தாண்டி வந்தது என்ற ஒரே காரணத்துக்காக, நியாயமான கடிதத்தைக்கூட யாரும் பிரித்துப் பார்க்காமல் விடலாம்.

படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

கையெழுத்துக்கு மேலே அச்சாகியிருக்கும் வாசகத்தைப் படியுங்கள். பல படிவங்களில் அது “பார்த்தேன், பெற்றுக்கொண்டேன்” என்பதற்கான கையெழுத்துதான். “ஒப்புக்கொள்கிறேன்” என்று இருந்தால் அல்லது சந்தேகமாக இருந்தால், பக்கத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள்: “படித்தேன். ரேட்டிங்கை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்ய உள்ளேன்.” கணினியில் என்றால் ஊழியர் கருத்துக்கான பெட்டியில் அதையே எழுதலாம். கையெழுத்தே போட மாட்டேன் என்று உட்கார்ந்தால் தனியாக ஒரு சச்சரவு முளைக்கும், அதனால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

எனக்கு நடந்தது அநியாயம். அதைத்தானே எழுத வேண்டும்?

படிப்பவரின் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மேல்முறையீட்டைப் பார்ப்பவர் துறைத் தலைவராகவோ மனிதவளப் பிரிவு மூத்தவராகவோ இருப்பார். உங்கள் அன்றாட வேலை அவருக்குத் தெரியாது. உங்கள் மேலாளரோடு அவருக்குத் தினமும் வேலை இருக்கிறது. “நான் உயிரைக் கொடுத்து உழைத்தேன்” என்று நீங்களும் “போதவில்லை” என்று மேலாளரும் சொன்னால், இரண்டு அபிப்பிராயங்களுக்கு நடுவே அவர் பதவியில் பெரியவருடையதைத்தான் எடுப்பார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. மாற்றி முடிவெடுக்க நீங்கள் அவருக்கு எதையும் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் கையில் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. ரேட்டிங் படிவத்தின் பின்பக்கத்திலோ விதிப் புத்தகத்திலோ ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விளக்கம் இருக்கும். நம் கேஸில் 3 என்றால் “பெரும்பாலான இலக்குகளை எட்டினார்”, 2 என்றால் “முக்கிய இலக்குகளில் பலவற்றை எட்டவில்லை.” ஆண்டின் தொடக்கத்தில் ஊழியருக்குக் கொடுத்த இலக்குகள் நான்கு. பில் வந்த 5 வேலை நாளில் 90 சதவீதத்தைப் பாஸ் செய்வது, மாதக் கணக்கை மூன்றாம் வேலை நாளில் முடிப்பது, காலாண்டுக்கு ஒருமுறை சப்ளையர் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி கொடுப்பது. பின் மூன்றையும் முழுதாகச் செய்திருக்கிறார். முதலாவதில் மட்டும் 87 சதவீதம்.

இப்போது வழக்கு என்னவென்று பாருங்கள். “நான் நல்ல ஊழியர்” என்பது அதில் எங்குமே வரவில்லை. நான்கில் மூன்று எட்டியவருக்கு, நிறுவனமே எழுதிய விளக்கத்தின்படி எந்த எண் பொருந்தும் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல மேலாளரைத் தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. துறைத் தலைவருக்கு இது பெரிய நிம்மதி.

என்னிடம் பாராட்டு மெயில்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் இணைக்கலாமா?

பண்டிகைக்கு அடுத்த நாள் வந்த “நன்றி, அருமை” மெயில்கள் இருபதை இணைத்தால், இருபத்தொன்றாவதாக இருக்கும் நல்ல ஆதாரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். குறிப்பில் சொன்ன குறை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம், கூடினால் இரண்டு. அதுவும் உங்கள் கையால் தயாரிக்காத ஆதாரமாக இருந்தால் மதிப்பு கூடுதல். கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த தேதி வாரியான அறிக்கை முதல் தரம். இன்னொருவர் அன்றைக்கே எழுதிய மெயில் இரண்டாம் தரம். நீங்கள் இப்போது உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் பட்டியல் கடைசி.

பலர் மறந்துவிடும் காகிதம் ஒன்று உண்டு: அரையாண்டு மதிப்பீடு. நம் கேஸில் ஜூலையில் மேலாளர் எழுதியது “முன்னேற்றம் திருப்திகரம்.” அதற்குப் பிறகு ஆண்டு முடியும் வரை எழுத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் நடந்தது மட்டும் மனதில் நின்று மொத்த ஆண்டுக்கும் எண் போடுவது மதிப்பீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சறுக்கல். அதைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம். அரையாண்டுப் படிவத்தை இணைத்து, “அதன் பின் மாறியது என்ன என்பதை அறிய விரும்புகிறேன்” என்று எழுதினால் போதும்.

கணக்குப்படி நான் இலக்கைத் தொடவில்லை. அதை நானே எழுதிவிட்டால் கேஸ் போச்சே?

எழுதாவிட்டால்தான் போகும். 90 கேட்டார்கள், 87 வந்திருக்கிறது. மேலாளரிடம் அந்த அறிக்கை இருக்கிறது. நீங்கள் அதை மறைத்துக் கடிதம் எழுதினால், அவர் ஒரே பக்கத்தை நீட்டி உங்கள் மொத்தக் கடிதத்தையும் முடித்துவிடுவார். நீங்களே தொடக்கத்தில் சொல்லிவிட்டால் அவர் கையில் நீட்ட எதுவும் இருக்காது.

அப்புறம், அந்த 87-க்குள் இருப்பதைப் பிரித்துக் காட்டுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ஆண்டு முழுக்க வந்த பில்கள் 2,400. ஐந்து நாளுக்குள் பாஸ் ஆனவை 2,088. தாமதமானவை 312. அந்த 312-இல் 198 பில்களுக்கு, பில் வந்து ஐந்து நாள் கடந்த பிறகுதான் ஸ்டோர்ஸில் சரக்கு வரவைப் பதிவு செய்தார்கள். ஜிஆர்என் எனப்படும் அந்தச் சரக்கு வரவுப் பதிவு ஏறாமல் மென்பொருள் பில்லைப் பாஸ் செய்யவே விடாது. எனவே அந்த 198 தாமதம் அவர் மேசையில் நடந்ததல்ல.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் 198-ஐ மொத்தத்திலிருந்தே கழித்துவிடுவார்கள். 2,202-இல் 2,088, அதாவது 94.8 சதவீதம். பார்க்க அழகாக இருக்கும். கூர்மையான ஒருவர் படித்தால் உடனே கேட்பார்: “சரி, ஜிஆர்என் வந்த பிறகாவது அந்த 198-ஐ சீக்கிரம் முடித்தீர்களா?” பதில் இல்லையென்றால் மாட்டிக்கொண்டீர்கள். எனவே பில்களை நீக்காதீர்கள், கடிகாரத்தை மட்டும் சரியான இடத்திலிருந்து ஓட விடுங்கள். பில் வந்த தேதி, ஜிஆர்என் தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஐந்து நாள் எண்ணுங்கள். அப்படி எண்ணினால் 198-இல் 181 ஐந்து நாளுக்குள் முடிந்திருக்கின்றன, 17 முடியவில்லை. 2,088-ஓடு 181-ஐக் கூட்டினால் 2,269. மொத்தம் அதே 2,400. விடை 94.5 சதவீதம்.

வித்தியாசம் மிகச் சிறியது, 94.8-க்குப் பதில் 94.5. ஆனால் இரண்டாவது எண்ணை யாராலும் அசைக்க முடியாது. எந்தப் பில்லும் காணாமல் போகவில்லை, சொந்தத் தாமதம் 131-உம் கணக்கில் அப்படியே நிற்கிறது.

அந்த 131-இல் 71, மே, ஜூன் மாதங்களில் புதிய மென்பொருளுக்கு மாறியபோது நேர்ந்தவை. இதையும் காரணமாகச் சொல்லிக் கழிக்கலாமா? என் யோசனை, வேண்டாம். அதைச் சேர்த்தும் 90-ஐத் தாண்டிவிட்டது. தேவையில்லாத சாக்கு ஒன்றைச் சேர்த்தால், தேவையான காரணமும் சாக்கு போலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

“முன்முயற்சி போதாது” என்று எழுதிவிட்டார். இதற்கெல்லாம் எப்படி ஆதாரம் காட்டுவது?

இத்தகைய சொற்களுக்கு நேர் மறுப்புக் கிடையாது. “எனக்கு முன்முயற்சி உண்டு” என்று எழுதினால் சிரிப்புதான் வரும். இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, கேட்காமலே செய்த ஒரு வேலையை, தேதியோடும் விளைவோடும் சொல்வது. நம் ஊழியர் ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு திங்களும் ஜிஆர்என் இல்லாமல் காத்திருக்கும் பில்களின் பட்டியலை ஸ்டோர்ஸுக்கு மெயில் செய்திருக்கிறார். ஜூலை கடைசியில் அப்படிக் காத்திருந்தவை 38, டிசம்பர் கடைசியில் 11. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. இந்த ஒன்று பத்து விசேஷணங்களுக்குச் சமம்.

இரண்டு, குறிப்புக்குப் பின்னால் இருக்கும் சம்பவத்தைப் பணிவாகக் கேட்பது. “எந்தச் சூழலில் இது குறைவாகத் தெரிந்தது என்று அறிந்தால் திருத்திக்கொள்ள உதவும்.” சம்பவம் இருந்தால் சொல்வார்கள், அதற்கு நீங்கள் பதில் சொல்லலாம். இல்லையென்றால், இல்லை என்பதே பதிவாகிவிடும்.

முழுக் கடிதம் ஒன்று காட்டுங்களேன்.

இதோ. இணைப்புகளை விட்டால் ஒன்றரைப் பக்கத்துக்குள் முடிகிறது. இரண்டு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள்.

> பெறுநர்: துறைத் தலைவர், நிதித் துறை
> நகல்: மேலாளர், கணக்குப் பிரிவு, மனிதவளப் பிரிவு
>
> பொருள்: ஆண்டு மதிப்பீட்டில் வழங்கப்பட்ட ரேட்டிங் 2-ஐ மறுபரிசீலனை செய்யக் கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைக் கவனிக்கும் எனக்கு, சென்ற ஆண்டுக்கான மதிப்பீட்டில் 2 வழங்கப்பட்டுள்ளது. இது குறித்து என் மேலாளரிடம் நேரில் பேசினேன். அவர் நேரம் ஒதுக்கி விளக்கியதற்கு நன்றி. அதன் பிறகும் சில விவரங்கள் கணக்கில் வரவில்லை என்று கருதுவதால், விதிகளின்படி தங்களிடம் இந்த மேல்முறையீட்டைச் சமர்ப்பிக்கிறேன்.
>
> எனக்கு அளிக்கப்பட்ட நான்கு இலக்குகளில் மாதக் கணக்கு முடித்தல், காலாண்டு ஒப்பீடு, புதியவருக்குப் பயிற்சி ஆகிய மூன்றும் எட்டப்பட்டன (இணைப்பு 1). பில்களை 5 வேலை நாளில் பாஸ் செய்யும் இலக்கு 90 சதவீதம். நான் எட்டியது 87 சதவீதம். இந்த இலக்கில் குறைவு உள்ளது என்பதை ஏற்கிறேன்.
>
> அந்தக் குறைவின் காரணத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தாமதமான 312 பில்களில் 198-க்கு, பில் வந்து 5 வேலை நாள் கடந்த பின்னரே சரக்கு வரவு பதிவானது. அதற்கு முன் பில்லைப் பாஸ் செய்ய மென்பொருளில் வழியில்லை. பில் தேதி, வரவுப் பதிவுத் தேதி இரண்டில் பிந்தியதிலிருந்து எண்ணினால், 2,400 பில்களில் 2,269 உரிய காலத்தில் முடிந்துள்ளன. இது 94.5 சதவீதம். மீதி 131 பில்களின் தாமதம் என் பொறுப்பு (இணைப்பு 2: மென்பொருள் அறிக்கை).
>
> சப்ளையர் புகார்கள் ஆண்டில் 9 வந்தன. அவற்றில் 6, மேற்சொன்ன வரவுப் பதிவுக்காகக் காத்திருந்த பில்கள் பற்றியவை. 2, சப்ளையர் வங்கிக் கணக்கை மாற்றியதை நமக்குத் தெரிவிக்காததால் வந்தவை. 1, நான் தவறான சப்ளையர் குறியீட்டில் பதிந்ததால் வந்தது. மறுநாளே திருத்தினேன் (இணைப்பு 3).
>
> முன்முயற்சி பற்றிய குறிப்பைப் பொறுத்தவரை, வரவுப் பதிவுக்காகக் காத்திருக்கும் பில்களின் பட்டியலை ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு அனுப்பி வருகிறேன். ஜூலை இறுதியில் 38 ஆக இருந்த அத்தகைய பில்கள் டிசம்பர் இறுதியில் 11 ஆயின (இணைப்பு 4). இது போதாது என்று தோன்றிய சூழல் ஏதும் இருந்தால், அதை அறிந்து திருத்திக்கொள்ள விரும்புகிறேன். ஜூலை அரையாண்டு மதிப்பீட்டில் என் முன்னேற்றம் திருப்திகரம் எனக் குறிக்கப்பட்டிருந்தது (இணைப்பு 5).
>
> மதிப்பீட்டு விதிகளில் 3 என்பது “பெரும்பாலான இலக்குகளை எட்டினார்” என்றும், 2 என்பது “முக்கிய இலக்குகளில் பலவற்றை எட்டவில்லை” என்றும் விளக்கப்பட்டுள்ளது. மேற்கண்ட விவரங்களுக்கு 3-இன் விளக்கமே பொருந்துகிறது எனக் கருதுகிறேன். எனவே ரேட்டிங்கை 3 ஆகத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், “பில்கள் பாஸ் ஆவதில் தாமதம்” என்ற குறிப்போடு அதன் காரணமும் பதிவாக வேண்டும் என்றும், இக்கடிதம் என் பணிக் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்றும் கோருகிறேன்.
>
> தேவைப்படும் விவரங்களை நேரில் விளக்கத் தயாராக உள்ளேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, பணி எண், தேதி)

மரியாதையாக எழுது என்றால் கெஞ்சி எழுது என்றுதானே அர்த்தம்?

மேலே உள்ள கடிதத்தில் ஒரு “தயவுகூர்ந்து” கூட இல்லை, கவனித்தீர்களா? “தங்கள் பொற்பாதம்” வகைக் கெஞ்சல் படிப்பவரைச் சங்கடப்படுத்தும். மேலும், உரிமையாகக் கேட்க வேண்டியதைச் சலுகையாக மாற்றிவிடும். சலுகையை மறுப்பது சுலபம்.

மரியாதை என்பது பெரும்பாலும் எழுவாயில் இருக்கிறது. “மேலாளர் ஸ்டோர்ஸ் தாமதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை” என்றால் அவர் எழுவாய், அவர் குற்றவாளி. “ஸ்டோர்ஸ் தாமதம் கணக்கில் வரவில்லை” என்றால் விஷயம் எழுவாய், யாரும் குற்றவாளி இல்லை. தகவல் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தைப் படிக்கும் துறைத் தலைவர் தன் மேலாளரைக் காப்பாற்ற நினைப்பார். இரண்டாவதைப் படிக்கும்போது அந்த அவசியமே எழாது. அதே போல “வேண்டுமென்றே”, “பழிவாங்க”, “ஆரம்பத்திலிருந்தே என்னைப் பிடிக்காது” என்ற சொற்கள் வந்தால் எடுத்துவிடுங்கள். ஒருவர் மனதில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆதாரம் இல்லாத ஒரு வரி, ஆதாரம் உள்ள பத்து வரிகளையும் சந்தேகப்பட வைக்கும்.

ஸ்டோர்ஸ்காரர்களையும் இதே போல நடத்துங்கள். அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறை இருந்திருக்கும். தாமதம் எங்கே நடந்தது என்று சொன்னால் போதும், யாரால் என்று சொல்ல வேண்டாம்.

மேலாளருக்கு நகல் போட வேண்டுமா? அவருக்குத் தெரியாமல் அனுப்பினால் என்ன?

எப்படியும் தெரிந்துவிடும். துறைத் தலைவர் முதலில் கேட்கப்போவது அவரிடம்தான். முதுகுக்குப் பின்னால் போனதாக அவர் நினைத்தால், ரேட்டிங்கை விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசுவார். அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை: “சார், நீங்கள் சொன்னதைக் கேட்டேன். எனக்கு இன்னும் உடன்பாடில்லை, விதிப்படி மேலே எழுதப்போகிறேன். உங்களுக்கு நகல் வரும்.” சொல்லச் சங்கடமாக இருக்கும். ஆனால் நாளைக்கும் அவரிடம்தான் வேலை பார்க்கப்போகிறீர்கள்.

விதிவிலக்கு ஒன்று. புகாரே மேலாளரின் நடத்தை பற்றியது என்றால், அதாவது துன்புறுத்தலோ பாகுபாடோ என்றால், அது ரேட்டிங் மேல்முறையீடு அல்ல. அதற்கு வேறு வழி, வேறு குழு இருக்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

பெல் கர்வ் போட்டு என்னைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்கிறார்கள். அதை எழுதலாமா?

கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் முறை பெரிய நிறுவனங்களில் நெடுநாள் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் காலத்தில் கீழ்ப் பத்து சதவீதம் என்று தனியாகவே பிரித்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2013-இல் அந்த வகை முறையைக் கைவிட்டது. உங்கள் நிறுவனத்தில் அது இருந்தால், அது கொள்கை. ஒரு தனி ஊழியரின் கடிதத்தால் கொள்கை மாறாது. “பெல் கர்வ் தவறு” என்று வாதாடினால், “கருத்துக்கு நன்றி” என்று பதில் வரும்.

ஒரு கேள்வி மட்டும் பயன்படும். மேலாளர் முதலில் கொடுத்த எண்ணும், மேலாளர்கள் கூடிப் பேசியபின் வந்த எண்ணும் ஒன்றா? 3 கொடுத்து, அந்தக் கூட்டத்தில் 2 ஆகியிருந்தால், மாற்றத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்பது நியாயம். ஆனால் அப்போதும் வழக்கு உங்கள் நான்கு இலக்குகள்தான்.

பக்கத்து சீட்டுக்காரர் என்னைவிடக் குறைவாகத்தான் செய்தார். அவருக்கு 4!

தெரியும், வயிறு எரியும். எழுதாதீர்கள். அவருடைய இலக்குகள் என்ன என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அவருடைய ரேட்டிங் உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வேறு வரும்.

ஆதாரங்களை என் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சப்ளையர் பெயர், தொகை, வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். நிறுவனத் தரவை வெளியே கொண்டுபோனது என்று ஒழுங்கு நடவடிக்கை வந்தால், ரேட்டிங் பிரச்சினை ஒன்றுமில்லாததாகிவிடும். அலுவலகக் கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் வையுங்கள். இணைப்பில் பில் எண், தேதிகள் மட்டும் போதும், மற்றதை மறைத்துவிடலாம். கடிதத்தின் நகலையும் அதன் எண்ணையும் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டில் மூன்று மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தேன். அதனால் குறைத்திருப்பார்களோ?

இலக்கு ஆண்டு முழுமைக்கானதா, வேலை செய்த மாதங்களுக்கானதா என்று பாருங்கள். “ஆண்டில் 2,400 பில் முடிக்க வேண்டும்” என்ற வகை இலக்கு என்றால், ஒன்பது மாதத்துக்கு 1,800 என்று விகிதப்படி பிரித்துக் காட்டுங்கள். சதவீத இலக்கு என்றால் விடுப்பு மாதங்களில் உங்கள் பெயரில் பதிவான பில்களை யார் பார்த்தார்கள் என்று தேடுங்கள். குறிப்பிலேயே “அடிக்கடி விடுப்பு” என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. மருத்துவ விடுப்பையும் மகப்பேறு விடுப்பையும் எடுத்ததற்காக ஊழியரைப் பாதிக்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. அப்படியொரு வரி இருந்தால், கடிதம் அனுப்பும் முன் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ காட்டிவிடுங்கள்.

நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கொண்டுபோவது?

கடிதமும் இணைப்புகளும் இரண்டு செட். அதோடு 198 பில்களில் நான்கைந்தை முழுதாகத் தெரிந்துவைத்திருங்கள். “ஒன்றைக் காட்டுங்கள்” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். “மார்ச் 4 பில் வந்தது, 19-ஆம் தேதி ஜிஆர்என் ஏறியது, 20-ஆம் தேதி பாஸ் செய்தேன்” என்று மென்பொருள் திரையோடு காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து வரும் கேள்வி கொஞ்சம் கடினம்: “ஜிஆர்என் வரவில்லை என்று ஆகஸ்ட் வரை ஏன் எழுத்தில் சொல்லவில்லை?” உண்மையைச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னீர்கள் என்றால் அப்படியே. சொல்லவே இல்லை என்றால் அதையும். 131-ஐ ஏற்ற ஒருவர் இதையும் ஏற்பதில் குறைந்துபோக மாட்டார்.

கூட்டம் முடிந்த அன்றே, பேசியது என்ன, யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்று ஐந்து வரியில் மெயில் போட்டுவிடுங்கள்.

ரேட்டிங் 2 அப்படியே. குறிப்பை மட்டும் மாற்றுகிறோம் என்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?

மாற்றிய வாசகத்தை எழுத்தில் கேளுங்கள், அதைப் பார்த்து முடிவெடுங்கள். “பில்கள் பாஸ் ஆவதில் தாமதம்” என்ற தனி வரி அடுத்த ப்ரமோஷன் பட்டியலின்போதும் துறை மாற்றம் கேட்கும்போதும் யாரோ ஒருவர் கண்ணில் படும். அவருக்கு ஜிஆர்என் கதை தெரியாது. “சரக்கு வரவுப் பதிவு தாமதத்தால் 87 சதவீதம், சொந்தக் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தைக் கணக்கிட்டால் 94.5 சதவீதம்” என்று மாறினால், எண் 2 ஆகவே இருந்தாலும் படிப்பவருக்கு வேறு ஆள் தெரிவார். இந்த ஆண்டு இன்கிரிமென்ட் போனது போனதுதான்.

இன்னொரு படி மேலே போக விதி அனுமதித்தால், புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் போங்கள். அதே கடிதத்தை மேலே அனுப்பினால் அதே பதில்தான் திரும்பும். பதிலில் உங்கள் கணக்கைத் தொடவே இல்லை என்றால், அதாவது 94.5 சரியா தவறா என்று ஒரு வார்த்தையும் இல்லை என்றால், அது போதுமான காரணம். “என் மூன்றாம் பத்திக்குப் பதில் கிடைக்கவில்லை” என்று அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

எது எப்படி முடிந்தாலும், புதிய ஆண்டின் இலக்குப் படிவம் மேசைக்கு வரும்போது கையெழுத்திடும் முன் முதல் வரியைப் பாருங்கள். “பில் வந்த தேதியிலிருந்து” என்றே மறுபடியும் இருந்தால், “பில் தேதி, ஜிஆர்என் தேதி இரண்டில் பிந்தியதிலிருந்து” என்று திருத்தச் சொல்லிக் கேளுங்கள். மேலாளருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை, ஜனவரியில் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.